காலியாக விட்ட கட்டம்

சாரதாமணியக்காவின் மேஜையில் ஒரு வெள்ளைத் தாள், ஒரு காந்தம், ஒரு பூதக்கண்ணாடி, ஒரு செல்லோடேப். இவ்வளவுதான். தையல் லைனில் எந்த மெஷினில் ஊசி உடைந்தாலும் டெய்லர் மெஷினை நிறுத்திவிட்டு, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அவரிடம்தான் வர வேண்டும். அவர் அவற்றைத் தாளில் வரிசையாக வைத்துச் சேர்த்துப் பார்ப்பார். தண்டு, கண், முனை. எல்லாம் பொருந்தி மறுபடி ஒரு முழு ஊசியானால் டேப் ஒட்டி ரிஜிஸ்டரில் பதித்துவிட்டு, புது ஊசி எடுத்துக் கொடுப்பார். ஒரு கடுகளவு குறைந்தாலும் கொடுக்க மாட்டார்.

"அக்கா, டார்கெட் போகுதுக்கா" என்று டெய்லர்கள் கெஞ்சுவார்கள்.

"போனாப் போகுது. மொனை எங்க கண்ணு?"

"தரையில எங்கியாச்சும் கெடக்கும்."

"கெடக்கட்டும். எடுத்துட்டு வா. நானும் வரேன்."

வீரபாண்டியில் இருந்த அந்தக் கம்பெனியில் பிறந்த குழந்தை முதல் இரண்டு வயது வரைக்குமான உடுப்புகள் தைத்தோம். முனை கிடைக்கும்வரை அந்த மெஷினில் தைத்துக்கொண்டிருந்த பண்டில், அதாவது இருபத்தைந்து துணிகளின் கட்டு, சிவப்புப் பெட்டியில் போடப்பட்டுப் பூட்டப்படும். சாவி அக்காவின் இடுப்பில். பேக்கிங்குக்கு முன்னால் எல்லாத் துணியும் ஊசி கண்டுபிடிக்கும் மெஷினுக்குள்ளும் போகும்தான். ஆனால் வெறும் முனை மட்டும் உடைந்து, தையலுக்குள் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டால் சில சமயம் அந்த மெஷின் கத்தாது. அக்கா அதை நம்பவில்லை. காந்தத்தையும் தன் விரல்களையும் நம்பினார்.

அவருடைய இடது ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் பிறந்தவர். அப்பா தென்னை ஏறுபவர். பதினாறு வயதில் கம்பெனி வேனில் ஏறித் திருப்பூர் வந்து, நூல் பிசிறு வெட்டி, அடுக்கிக் கட்டி, பத்தொன்பதில் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லரானார். அந்த வருடமே ஊசி விரலில் இறங்கி உடைந்தது. வெளியே தெரிந்த துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேஸ்திரி மஞ்சள் வைத்துக் கட்டினார். முனை உள்ளேயே இருந்தது. பதினோரு நாள் கழித்து விரல் கத்தரிக்காயாக வீங்கிய பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

"எனக்காச்சும் வலிக்குதுன்னு சொல்ல வாயிருந்துச்சு" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடம் உழைத்து அந்த மேஜைக்கு வந்தவர். கணவர் கன்னையன் சாயப்பட்டறையில் வேலை பார்த்து மூச்சிரைப்பு வந்து வீட்டோடு இருந்தார். மகள் சுபஸ்ரீ நர்சிங் இரண்டாம் வருடம். அந்த வீடு அந்த மேஜையின் மேல்தான் நின்றது.

நான் அதே கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் இருந்தேன். பெயர் நித்தீஷ். ரிஜிஸ்டரை டேப்லெட்டுக்கு மாற்றச் சொன்னபோது அந்தத் திரையை எழுதியது நான்தான்.

திரை எளிமையானது. மெஷின் எண், பண்டில் எண், "கிடைக்காத துண்டுகள் எத்தனை" என்று ஒரு கட்டம், கீழே சேமி பொத்தான். கட்டத்தில் பூஜ்யம் இருந்தால் எல்லாத் துண்டும் கிடைத்தது என்று அர்த்தம். பண்டில் விடுவிக்கப்படும். பேக்கிங்கில் மாரிச்செல்வம் ஸ்கேன் பண்ணும்போது பச்சை விளக்கு வரும். ஒன்றோ இரண்டோ இருந்தால் சிவப்பு. பெட்டிக்குப் பூட்டு தேவையில்லை என்று எடுத்துவிட்டார்கள். சாவியும் போயிற்று.

ஜாவாஸ்கிரிப்டில் எழுதினேன். சமமா என்று கேட்க அதில் இரண்டு வழிகள் உண்டு. மூன்று சமக்குறி போட்டால் மதிப்பும் வகையும் ஒன்றாக இருந்தால்தான் ஒப்புக்கொள்ளும். இரண்டு சமக்குறி போட்டால், ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணுமாக இருக்கையில், அதுவே எழுத்தை எண்ணாக மாற்றிக்கொண்டு ஒப்பிடும். முதலில் நான் மூன்றுதான் போட்டேன். கட்டத்தில் பூஜ்யம் தட்டியும் பண்டில் விடுபடவில்லை. காரணம், கட்டத்தில் எதைத் தட்டினாலும் அது எழுத்தாகத்தான் நிரலுக்கு வந்து சேரும். எழுத்தான "0" வேறு, எண்ணான 0 வேறு. அன்று மதியம் டெமோ. ஒரு சமக்குறியை அழித்தேன். வேலை செய்தது. பூஜ்யம் தட்டினேன், பச்சை. ஒன்று தட்டினேன், சிவப்பு. இரண்டு தட்டினேன், சிவப்பு. கை தட்டினார்கள். எதையும் தட்டாமல் சேமித்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ரிஜிஸ்டர் காலத்துப் பழக்கம். தேடல் முடியாத ஊசிக்கு அந்தக் கட்டத்தில் ஒன்றும் எழுத மாட்டார். கிடைத்தால் பூஜ்யம். கிடைக்கவே கிடைக்காது என்று முடிவானால் எத்தனை துண்டு என்று எழுதி, பண்டிலையே வெட்டி அழிக்கக் கையெழுத்து வாங்குவார். இரண்டுக்கும் நடுவில் காலி. காலி என்றால், இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். திருப்பூரில் ஊசி ரிஜிஸ்டர் வைத்திருப்பவர்கள் பலரும் அப்படித்தான். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

தை மாதத்தில் ஒரு நாள் பதினேழாம் நம்பர் மெஷினில் ஊசி உடைந்தது. முனை கிடைக்கவில்லை. அக்கா மெஷினின் அடியில் படுத்துத் தேடினார். இருபத்தைந்து துணியில் பதினாறைத் தடவி முடித்தபோது ஷிஃப்ட் முடிந்து வேன் ஹாரன் அடித்தது. மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று பண்டிலைச் சிவப்புப் பெட்டியில் போட்டார். டேப்லெட்டில் மெஷின் எண்ணும் பண்டில் எண்ணும் தட்டி, கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்தார். "பதிவானது" என்று வந்தது. அவருடைய திரையில் அவ்வளவுதான் வரும். பச்சையும் சிவப்பும் பேக்கிங் திரைக்கு மட்டும்.

காலையில் பெட்டி காலியாக இருந்தது.

பேக்கிங்குக்குப் போய்க் கேட்டார். மாரிச்செல்வம் தென்காசிப் பக்கத்துக்காரன். "எக்கா, எனக்கு என்னத்த தெரியும்? பெட்டில கெடந்தத ஸ்கேன் பண்ணேன், பச்சை வந்துச்சு, ஊசி மெஷினும் கத்தல, அட்டைப்பெட்டில போட்டாச்சு. லாரியும் போயிட்டுல்லா."

அங்கிருந்து நேராக என் அறைக்கு வந்தார். வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தது நினைவிருக்கிறது. கம்ப்யூட்டர் அறை என்றால் அவருக்கு அப்படி ஒரு மரியாதை.

"ஏனுங் தம்பி, நேத்து நான் காலியா வுட்ட பண்டில் போயிருச்சுங்களே. யாருங்க வுட்டது?"

நான் வேறு ஏதோ ஒரு ரிப்போர்ட்டில் இருந்தேன். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு எப்போதுமே சிரமம். "அடுத்த ஷிஃப்ட்ல முனையக் கண்டுபிடிச்சு போட்டிருப்பாங்கக்கா."

"அப்படிங்களா. போட்டிருப்பாங்களா?"

"போட்டிருப்பாங்க."

பிறகு செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. ஒரு நிமிடம் அந்தப் பதிவைத் திறந்து பார்த்திருந்தால் போதும். லாரி அப்போது தூத்துக்குடிப் பாதையில்தான் இருந்தது.

பங்குனியில் வாங்குபவரிடமிருந்து, அதாவது உடுப்புகளை எடுத்து விற்கும் வெளிநாட்டுக் கடையிலிருந்து, மெயில் வந்தது. அங்கே ஆறு மாதக் குழந்தை ஒன்றின் கழுத்தில் கீறல். புகைப்படம் இணைத்திருந்தார்கள். மடிப்புச் சதையில் சிவப்பாக ஒரு கோடு, பக்கத்தில் அளவுகோலின் மேல் ஒரு முனை. அரிசிக் குருணை அளவுகூட இல்லை. லேபிளில் இருந்த எண்ணை வைத்துப் பதினேழாம் மெஷினுக்கும் அந்தப் பண்டிலுக்கும் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

ஃபேக்டரி மேனேஜர் செங்கோட்டையன் கான்ஃபரன்ஸ் ஹாலில் அக்காவை நிற்க வைத்துக் கேட்டார். ரிப்போர்ட் எடுத்துத் தர என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் கையில் இருந்த அச்சுத்தாளில், கிடைக்காத துண்டுகள் என்பதற்கு நேராக "இல்லை" என்று இருந்தது. பதிவு செய்தவர்: சாரதாமணி.

"இல்லைன்னு போட்டிருக்கியேம்மா."

"நான் போடலீங்க சார். காலியாத்தானுங்க வுட்டேன்."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?"

"அது எனக்குத் தெரியாதுங்க. நான் போடலீங்க."

டேப்லெட் வந்த பிறகும் துண்டுகளை ஒட்டி வைக்கும் ரிஜிஸ்டரை மட்டும் நிறுத்தவில்லை. அக்காவே போய் எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். டேப்புக்கு அடியில் தண்டும் கண்ணும். முனை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள். பக்கத்துக் கட்டம் காலி.

செங்கோட்டையன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அப்ப மொனை கெடைக்கலைன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கம்ப்யூட்டர்ல இல்லைன்னு அடிச்சிருக்கே. வேனுக்கு நேரமாச்சுன்னு."

தன்னைக் காப்பாற்றும் என்று அக்கா கொண்டுவந்த தாளே அவர் கழுத்தில் விழுந்தது. அக்கா என்னைப் பார்த்தார். "தம்பி, அடுத்த நாள் காலைல உங்ககிட்ட வந்து கேட்டனுங்களே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கேட்டாங்க" என்றேன். "அடுத்த ஷிஃப்ட்ல பாத்திருப்பாங்கன்னு சொன்னேன்." என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யாரும் எழுதிக்கொள்ளவில்லை. விசாரணை முடியும்வரை அக்கா வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அவர் காந்தத்தையும் பூதக்கண்ணாடியையும் துடைத்து மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மதியமே பதிவைத் திறந்தேன். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் இல்லை. "இல்லை"யும் இல்லை. ஒன்றுமே இல்லை. வெற்று எழுத்து.

அக்கா பொய் சொல்லவில்லை என்றால் "இல்லை" எங்கிருந்து வந்தது? ரிப்போர்ட்டின் நிரலைத் திறந்தேன். மதிப்பு பூஜ்யத்துக்குச் சமம் என்றால் "இல்லை" என்று அச்சிடு. இரண்டு சமக்குறி. பண்டிலை விடுவிக்கும் நிரல். அங்கும் இரண்டு சமக்குறி.

பிரவுசரில் தனியாக ஒரு வரி தட்டிப் பார்த்தேன். வெற்று மேற்கோள் குறி, இரண்டு சமக்குறி, பூஜ்யம்.

"" == 0

ட்ரூ என்றது. உண்மையாம்.

மேற்கோளுக்குள் வெறும் இடைவெளி விட்டுப் பார்த்தேன். அதுவும் உண்மை. ஒன்றுமில்லாத எழுத்தை எண்ணாக மாற்றச் சொன்னால் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் பூஜ்யமாக்குகிறது. "தெரியவில்லை" என்று தட்டினேன். பொய் என்றது. எண்ணாக மாற்ற முடியாத சொல் எந்த எண்ணுக்கும் சமமாகாது. வெறும் ஒரு கோடு தட்டினேன். பொய். அக்கா அந்தக் கட்டத்தில் எதையாவது கிறுக்கியிருந்தால்கூடச் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். பண்டில் நின்றிருக்கும். தெரியாததைத் தெரியாது என்று காலியாக விட்டதற்கு மட்டும்தான் பச்சை.

எத்தனை காலிப் பதிவுகள் என்று தேடினேன். எட்டு மாதத்தில் ஒன்பது. மற்ற எட்டும் அடுத்த ஷிஃப்டின் ஊசி இன்சார்ஜ் பெயரில். அவை மொத்தம் நான்கு வெளிநாட்டுக் கடைகளுக்குப் போயிருந்தன. எட்டிலும் முனை கிடைத்ததா இல்லையா என்று சொல்ல ரிஜிஸ்டரிலும் ஒரு எழுத்துகூட இல்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் சொல்லவில்லை. காலையில் பைக்கை நிறுத்தும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். மேனேஜர் அறைக் கண்ணாடிக்குள் யாராவது இருப்பார்கள். யாரும் இல்லாவிட்டால் அவர் போனில் இருப்பார். போனில் இல்லாவிட்டால் நானே ஏதோ ரிப்போர்ட் பாக்கி இருக்கிறது என்று திரும்பிவிடுவேன். ஐந்தாம் நாள் சொன்னேன்.

செங்கோட்டையன் கெட்டவர் இல்லை. முழுக்கக் கேட்டார். இரண்டாம் தடவையும் சொல்லச் சொன்னார். பிறகு தன் திரையை என் பக்கம் திருப்பினார். முந்தின நாள் வாங்குபவருக்குப் போன மெயில். காரணம்: பணியாளர் தவறு. நடவடிக்கை: பணிநீக்கம்.

"நேத்தே வந்திருந்தீன்னா ரெண்டு வார்த்தை மாத்தியிருக்கலாம் தம்பி."

"இப்ப மாத்த முடியாதுங்களா சார்?"

"சிஸ்டம் தப்புன்னு எழுதுனா அடுத்த கேள்வி என்ன வரும்? மத்த எட்டு எங்கேம்பான். நாலு பேருக்கும் சொல்லோணும். ஆர்டர் நிக்கும். லைன் நிக்கும். எத்தனை பேரு சோறு?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சத்தமில்லாம அத சரி பண்ணிப்போடு."

சரிபண்ணப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் கட்டம் காலியா என்று பார்; காலி என்றால் நிறுத்து. காலி இல்லை என்றால் எண்ணாக்கி, அதற்குப் பிறகு மூன்று சமக்குறி. எண்ணாக்குவதை மட்டும் முதலில் செய்தாலும் வெற்று எழுத்து பூஜ்யமாகிவிடும் என்பதால், காலியா என்ற கேள்விதான் முன்னால் நிற்க வேண்டும். அந்த மேஜைக்கு வந்த நாளிலிருந்து அக்கா அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே காம்பவுண்டில் வரிசையாக எட்டு வீடுகள், கடைசி அவருடையது. கன்னையன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. ஊடு சின்னதுங்க, அப்படி உக்காருங்க" என்று அக்கா ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

போனில் அந்த வரியைத் தட்டிக் காட்டினேன். சொல்ல வேண்டியதை எல்லாம் தரையைப் பார்த்தே சொல்லி முடித்தேன். அந்தக் காலையில் நான் பதிவைத் திறந்து பார்க்காததையும், நான்கு நாள் பேசாமல் இருந்ததையும்.

கன்னையன்தான் முதலில் பேசினார். "அப்ப இவ தப்பு பண்ணலே."

"இல்லீங்க."

"அதத்தான நானும் சொன்னேன். எம்பேச்ச எவன் கேட்டான்." இருமல் வந்துவிட்டது.

அக்கா போனை வாங்கித் திரையைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதுபோலக் கிட்ட வைத்துப் பார்த்தார். "வெறும் கட்டமும் சைபரும் ஒண்ணுங்குதுங்களா இது?"

"ஆமாங்க்கா."

"அதெப்படிங்க ஒண்ணாவும்? சைபர்னா தேடி முடிச்சாச்சுன்னு அர்த்தம். வெறும் கட்டம்னா இன்னும் தேடி முடிக்கலைன்னு அர்த்தம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி, இந்த மாதிரி இது ஒண்ணுதானுங்களா போச்சு?"

அவர் வேலையைப் பற்றிக் கேட்பார், தன்மேல் தப்பில்லை என்று காகிதம் கேட்பார், என்னைத் திட்டுவார் என்று எதையெதையோ யோசித்துக்கொண்டு போயிருந்தேன். இதை யோசிக்கவில்லை.

"இன்னும் எட்டுங்க்கா."

"மொனை கெடச்சுதுங்களா?"

"தெரியலீங்க."

அவர் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தது. "எட்டு இருவத்தஞ்சு எரநூறு" என்றார். "எரநூறு கொழந்தைங்க, தம்பி."

"சொன்னா ஆர்டர் நின்னுரும்னு மேனேஜர் சொல்றாருங்க. லைனே போயிருமாம்."

"போவும்" என்றார். "அந்த லைன்ல பாதிப்பேரு நான் தொழில் பழக்குனவளுக. அதுக்கு என்னங்க பண்றது?" என் கையிலிருந்த போனைக் காட்டி, "எனக்கு இங்கிலீசுல மெயில் போடத் தெரியாதுங்க. உங்களுக்குத் தெரியும்" என்றார்.

அடுத்த நாள் நான்கு வாங்குபவர்களுக்கும் எழுதினேன். பண்டில் எண்கள், நிரலின் அந்த வரி, வெற்றுப் பதிவுகளின் நகல், சாரதாமணி காலியாக விட்டார் என்பதற்கு ரிஜிஸ்டர் பக்கத்தின் படம். கீழே என் பெயர். அனுப்பிவிட்டு ராஜினாமாவையும் அடித்து வைத்தேன். அதற்கு அவசியம் இருக்கவில்லை. மாலைக்குள் செக்யூரிட்டியே வந்து என் பையைச் சோதித்து வெளியே விட்டார்.

செங்கோட்டையன் சொன்னதுதான் நடந்தது. இரண்டு ஆர்டர் ரத்து. வைகாசியில் குழந்தை உடுப்பு லைனை மூடினார்கள். அறுபத்துநான்கு பேருக்கு வேலை போயிற்று. அக்கா குற்றமற்றவர் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. திரும்ப அழைப்பதற்கு அந்த மேஜையும் அங்கே இல்லை. வேறு கம்பெனிகளில் ஊசி இன்சார்ஜ் வேலைக்குப் போனபோது பெயரைக் கேட்டதும், "அந்தக் கம்பெனிய இழுத்து மூட வெச்ச அம்மாவா?" என்றார்களாம். அவர் தொழில் பழக்கிய பெண்களில் ஒருத்தி கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம். இதையெல்லாம் மாரிச்செல்வம்தான் சொன்னான். அவனும் ஊருக்குப் போய்விட்டான்.

கடைசியாக அவரை ஆடியில் பார்த்தேன், வீரபாண்டி பிரிவு பஸ் ஸ்டாப்பில், காலை எட்டு மணிக்கு. கையில் சிறிய கத்தரிக்கோல் இருந்த பிளாஸ்டிக் கவர். ஒரு ஷெட்டில் பிசிறு வெட்டப் போகிறார். பதினாறு வயதில் தொடங்கிய அதே வேலை. சுபஸ்ரீ இந்த வருடம் காலேஜுக்குப் போகவில்லை என்றார். ஒரு கிளினிக்கில் வேலைக்குப் போகிறாளாம்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவே இல்லை.

"அந்த எட்டு என்னாச்சுங்க தம்பி?"

நான்கு வாங்குபவர்களிடமிருந்தும் எனக்கு ஆளுக்கு ஒரே ஒரு பதில் வந்திருந்தது. "ஆறு திரும்ப வந்துருச்சுங்க்கா. அதுல ரெண்டுல முனை இருந்துச்சு. நாலுல ஒண்ணுமில்ல."

"மீதி ரெண்டு?"

"வித்துப்போச்சுங்க. யாரு வாங்குனாங்கன்னு தெரியாதாம். இதுவரைக்கும் புகார் எதுவும் வரல. அதனால பிரச்சினை இல்லைன்னு கணக்கு முடிச்சுட்டாங்க."

பஸ் வந்தது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. அவர் படியில் கால் வைத்துவிட்டுத் திரும்பினார்.

"அவங்க முடிச்சா முடிக்கட்டும். நீங்க எங்கியாச்சும் குறிச்சு வெச்சிருந்தீங்கன்னா அந்த ரெண்டையும் காலியாவே வையுங்க தம்பி. சைபர்னு போட்டுராதீங்க."

வைத்திருக்கிறேன்.